பெருக்கற்பலன் பொருந்தியது, விடை பொருந்தவில்லை: ஒரு 2 × 2 அணியின் விடைத்தாள்

கல்லூரி முதலாண்டு நேரியல் இயற்கணித உள்தேர்வு ஒன்றில் எட்டு மதிப்பெண்ணுக்கு வந்த கேள்வி இது. கீழுள்ள அணியின் ஐகன் மதிப்புகளையும் ஐகன் வெக்டர்களையும் காண்க.

```
A = | 4  2 |
    | 1  3 |
```

பின்னமில்லை, கலப்பெண் இல்லை, வேர்க்குறி இல்லை. தயாராக வந்த மாணவருக்கு அரைப் பக்கம் போதும். ஆனாலும் இப்படிப்பட்ட கேள்விக்கு வரும் விடைத்தாள்களில் ஒரு வகைத் தவறு என்னை எப்போதும் நிறுத்திவிடுகிறது. மாணவர் விடையைச் சரிபார்த்திருப்பார், சரிபார்ப்பும் பொருந்தியிருக்கும், விடை மட்டும் தவறாக இருக்கும். அந்த வகையைச் சேர்ந்த ஒரு விடைத்தாளைத்தான் இங்கே வரி வரியாகப் பார்க்கப்போகிறோம்.

முதலில் சரியான வழியைப் போட்டுவிடலாம். ஐகன் வெக்டர் என்பது A-யால் பெருக்கினாலும் தன் கோட்டை விட்டு விலகாத வெக்டர். நீளம் மாறலாம், திசை எதிராகத் திரும்பலாம், ஆனால் அதே கோட்டில்தான் இருக்கும். அதாவது Av = λv; இதில் v பூச்சிய வெக்டராக இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால் (A − λI)v = 0. இதற்குப் பூச்சியமல்லாத தீர்வு வேண்டுமென்றால் A − λI என்ற அணிக்கு நேர்மாறு இருக்கக் கூடாது, அதாவது அதன் அணிக்கோவை பூச்சியமாக வேண்டும்.

```
(4 − λ)(3 − λ) − (2)(1) = 0
λ² − 7λ + 10 = 0
λ = 5,  λ = 2
```

நடுவில் உள்ள 7 மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டல், அதாவது அணியின் சுவடு. கடைசியில் உள்ள 10 அணிக்கோவை. எந்த 2 × 2 அணிக்கும் சிறப்பியல்புச் சமன்பாடு இப்படித்தான் அமையும். ஆகவே ஐகன் மதிப்புகளின் கூட்டுத்தொகை சுவட்டுக்கும், பெருக்கற்பலன் அணிக்கோவைக்கும் சமமாக வேண்டும். இங்கே 5 + 2 = 7, 5 × 2 = 10.

λ = 5 என்றால் A − 5I-இன் நிரைகள் (−1, 2), (1, −2). இரண்டும் ஒரே சமன்பாட்டைத்தான் சொல்கின்றன: x = 2y. ஐகன் வெக்டர் (2, 1). λ = 2 என்றால் நிரைகள் (2, 2), (1, 1). இரண்டும் x + y = 0 என்கின்றன. ஐகன் வெக்டர் (1, −1). A-யை (2, 1)-ஆல் பெருக்கினால் (10, 5) வருகிறது, அதாவது ஐந்து மடங்கு. (1, −1)-ஆல் பெருக்கினால் (2, −2), அதாவது இரண்டு மடங்கு. வேலை முடிந்தது.

இனி அந்த விடைத்தாள். அதில் λ-வே இல்லாமல் கணக்கு தொடங்குகிறது. மாணவர் முதல் வரியிலேயே இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் கால் பங்கைக் கழித்திருக்கிறார்.

```
| 4  2   |
| 0  5/2 |
```

அடுத்த வரி: "முக்கோண அணியின் ஐகன் மதிப்புகள் மூலைவிட்ட உறுப்புகளே. எனவே λ = 4, 5/2." அதற்கடுத்த வரி: "சரிபார்ப்பு: 4 × 5/2 = 10 = |A|." பக்கத்தில் ஒரு சரிக்குறியையும் அவரே போட்டிருக்கிறார்.

இந்த மூன்று வரிகளில் மேற்கோளாகச் சொன்ன விதி உண்மை. பெருக்கற்பலன் அணிக்கோவைக்குச் சமம் என்பதும் உண்மை. தவறு இந்த இரண்டிலும் இல்லை, முதல் வரியில் இருக்கிறது. ஒரு நிரையின் மடங்கை இன்னொரு நிரையோடு கூட்டினாலும் கழித்தாலும் அணிக்கோவை மாறாது. அதனால்தான் அணிக்கோவையைக் கணக்கிட அந்த உத்தியைக் கற்றுத்தருகிறோம். ஆனால் அதே செயல் ஐகன் மதிப்புகளை மாற்றிவிடும். ஆக, இந்தத் தவறு பெருக்கற்பலன் சோதனையில் சிக்கவே சிக்காது. தவறும் சோதனையும் ஒரே உண்மையின் மேல் நிற்கின்றன. சுவட்டைப் பார்த்திருந்தால் உடனே தெரிந்திருக்கும்: 4 + 5/2 = 13/2, ஆனால் சுவடு 7. இரண்டில் ஒரு சோதனையை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் கூட்டலைச் செய்வதே மேல் என்பது என் கருத்து. அது எளிதும்கூட.

மாணவர் ஏன் நிரைச் செயலில் கைவைத்தார் என்பதில் வியப்பில்லை. அதற்கு முந்தைய பாடங்கள் எல்லாமே அதைத்தான் கேட்டன. சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்க வேண்டுமா, நிரைகளைக் குறை. அணித்தரம் வேண்டுமா, குறை. நேர்மாறு வேண்டுமா, குறை. வாரக்கணக்கில் இதைச் செய்த கை, அணி என்று ஒன்றைக் கண்டதுமே கழிக்கத் தொடங்கிவிடுகிறது. ஐகன் மதிப்புப் பாடத்தில் இதற்கு எதிரான எச்சரிக்கையைப் பலகையில் தனியாக எழுதிக் காட்டும் ஆசிரியர்கள் குறைவு.

நிரைச் செயல் ஏன் இங்கே கெடுக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அது வெறும் தடையுத்தரவாகவே நிற்கும். Av = λv என்ற சமன்பாடு உள்ளே போகும் வெக்டரையும் வெளியே வரும் வெக்டரையும் ஒப்பிடுகிறது. நிரைச் செயல் என்பது A-யை இடப்பக்கம் ஓர் அணி E-ஆல் பெருக்குவது. அப்போது வெளியே வருவது EAv ஆகிவிடுகிறது. உள்ளே போவது அதே v-யாக இருக்கிறது. ஒப்பீட்டின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டோம். வலப்பக்கம் பூச்சியமாக இருக்கும் சமன்பாட்டில் இதனால் கெடுதல் இல்லை, ஏனெனில் பூச்சியத்தை E-ஆல் பெருக்கினாலும் பூச்சியம்தான். அதனால்தான் λ-வைக் கண்டுபிடித்த பிறகு, (A − λI)v = 0 என்பதைத் தீர்க்கும்போது, நிரைகளைத் தாராளமாகக் குறைக்கலாம். λ தெரிவதற்கு முன்பு A-மேல் கைவைக்கக் கூடாது.

ஐகன் மதிப்புகள் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் மறுபக்கத்தையும் ஈடுகட்ட வேண்டும். இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் கால் பங்கைக் கழித்த கையோடு, இரண்டாம் நிரலின் கால் பங்கை முதல் நிரலோடு கூட்ட வேண்டும். அப்படிச் செய்தால் மேலே வந்த முக்கோண அணி இப்படி ஆகும்:

```
| 9/2  2   |
| 5/8  5/2 |
```

சுவடு மறுபடியும் 7, அணிக்கோவை 45/4 − 5/4 = 10. ஐகன் மதிப்புகள் 5, 2 என்று திரும்பி வந்துவிட்டன. முக்கோண வடிவம்தான் போய்விட்டது! தேர்வில் இதைச் செய்ய வேண்டிய தேவை எதுவும் இல்லை, குறுக்குவழி என்று நினைத்தது வழியே அல்ல என்று காட்டத்தான் இது.

இரண்டாவது எச்சரிக்கை

மாணவர் அடுத்து வெக்டர்களுக்குப் போகிறார். நல்லவேளையாக இங்கே முதலில் தந்த அணியையே எடுத்துக்கொள்கிறார். λ = 4 என்று வைத்து A − 4I-ஐ எழுதுகிறார்.

```
0x + 2y = 0
1x − 1y = 0
```

முதல் சமன்பாடு y = 0 என்கிறது, இரண்டாவது x = y என்கிறது. ஆக x = 0, y = 0. மாணவர் "ஐகன் வெக்டர் (0, 0)" என்று எழுதிவிட்டு அடுத்த மதிப்புக்கு நகர்ந்துவிட்டார்.

இந்த விடைத்தாளில் மிகவும் வருத்தம் தரும் வரி இதுதான். கணக்கே அவரைக் கூப்பிட்டு "நீ வைத்திருக்கும் 4 ஐகன் மதிப்பு அல்ல" என்று சொல்லிவிட்டது. λ சரியாக இருந்தால் A − λI-இன் அணிக்கோவை பூச்சியம். 2 × 2 அணியில் அப்படியென்றால் ஒரு நிரை மற்றதன் மடங்காக இருந்தே தீர வேண்டும், அல்லது ஒரு நிரை முழுக்கப் பூச்சியமாக இருக்க வேண்டும். இரண்டு சமன்பாடுகள் இரண்டு வெவ்வேறு செய்திகளைச் சொன்னால் λ தவறு. வேறு விளக்கம் எதுவும் கிடையாது.

வகுப்பில் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்கள் நிறையப் பேர். −x + 2y = 0, x − 2y = 0 என்று இரண்டு வரிகளும் ஒன்றாக வந்துவிட்டால் "சார், இரண்டு மாறிக்கு ஒரே சமன்பாடுதான் கிடைக்கிறது, எங்கோ தப்பு நடந்துவிட்டது" என்று பதறுகிறார்கள். பள்ளியில் இரு மாறிகளுக்கு இரு சமன்பாடுகள் என்று பழகியதன் விளைவு அது. இங்கே ஒரே சமன்பாடு கிடைப்பதுதான் நல்ல செய்தி. இரண்டு கிடைத்தால்தான் பதற வேண்டும்.

நம் மாணவர் 5/2-க்கு வருகிறார். இந்த முறை (0, 0) வேண்டாம் என்று நினைத்திருக்க வேண்டும். A − (5/2)I-இன் முதல் நிரை (3/2, 2). அதை மட்டும் எடுத்துக்கொண்டு 3x + 4y = 0 என்று எழுதி (4, −3) என்ற வெக்டரைத் தருகிறார். இரண்டாம் நிரை (1, 1/2). அதை அவர் தொடவே இல்லை. (4, −3)-ஐ அதில் இட்டால் 4 − 3/2 = 5/2 வருகிறது, பூச்சியம் வரவில்லை.

இதற்கும் ஒரு சரிபார்ப்பு இருக்கிறது! A-யின் முதல் நிரையை (4, −3)-ஆல் பெருக்கி 16 − 6 = 10 என்று எழுதி, "10 = 5/2 × 4, சரி" என்று முடித்திருக்கிறார். இரண்டாம் நிரையையும் பெருக்கியிருந்தால் 4 − 9 = −5 வந்திருக்கும்; வேண்டியதோ 5/2 × (−3) = −15/2. முதல் உறுப்பு பொருந்தியது தற்செயல் அல்ல. முதல் சமன்பாட்டிலிருந்து எடுத்த வெக்டர் முதல் உறுப்பில் பொருந்தாமல் வேறு எங்கே பொருந்தும்? வெக்டரை எந்த நிரையிலிருந்து எடுத்தோமோ, அதை விட்டுவிட்டு மற்ற நிரையில்தான் சோதிக்க வேண்டும். பெருக்கற்பலன் சோதனையில் நடந்ததேதான் இங்கும் நடந்திருக்கிறது: தவறு எந்த உண்மையை மீறவில்லையோ அதை வைத்தே தவறைச் சோதித்திருக்கிறார்.

மதிப்பெண் எப்படி இடுவது? சிறப்பியல்புச் சமன்பாட்டுக்கு இரண்டு, மதிப்புகளுக்கு இரண்டு, ஒவ்வொரு வெக்டருக்கும் இரண்டு என்று பிரித்திருந்தோம். முன் தவறைத் தொடர்ந்து வந்த படிகள் சரியாக இருந்தால் அவற்றுக்கு மதிப்பெண் தருவது பொதுவான வழக்கம். ஆனால் அந்த வழக்கம் இந்தக் கேள்வியில் செல்லாது என்பேன். தவறான λ-வுக்கு ஐகன் வெக்டர் என்று ஒன்று கிடையாது, ஆகவே "தவறான மதிப்புக்குச் சரியான வெக்டர்" என்ற பேச்சுக்கே இடமில்லை. சிலர் (4, −3)-க்கு இரக்கப்பட்டு ஒன்றரை மதிப்பெண் போடுவார்கள். நான் (A − λI)v = 0 என்று அமைத்ததற்கு ஒன்று கொடுத்து நிறுத்திக்கொள்வேன். மாறாக அதே மாணவர் (0, 0) வந்த இடத்தில் "இப்படி வரக் கூடாது, என் λ தவறாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால், நேரம் போதாமல் அங்கேயே நின்றிருந்தாலும், அந்த வரிக்கு மதிப்பெண் உண்டு.

வரிசையாக வந்த வேறு இரண்டு

அதே கேள்விக்கு இன்னொரு தாளில் 5, 2 என்று மதிப்புகள் சரியாக வந்தன. வெக்டர்கள் (−1, 2), (1, 1). இங்கே மாணவர் நிரையின் கெழுக்களையே வெக்டராக எடுத்து எழுதிவிட்டார். −x + 2y = 0 என்பதைப் பார்த்ததும் (−1, 2) என்று கை எழுதிவிடுகிறது. உண்மையில் அந்தச் சமன்பாடு v-யும் நிரை (−1, 2)-உம் ஒன்றுக்கொன்று செங்குத்து என்கிறது. அதாவது மாணவர் எழுதியது வேண்டிய திசைக்குச் சரியாகத் தொண்ணூறு பாகை விலகிய திசை. நிரை (a, b) என்றால் இடம் மாற்றி ஒன்றின் குறியைத் திருப்ப வேண்டும்: (b, −a). (−1, 2)-இலிருந்து (2, 1), (1, 1)-இலிருந்து (1, −1). தெரிந்தெடுத்த நிரை (0, 0) ஆக இருந்தால் மட்டும் மற்ற நிரைக்குப் போக வேண்டும்.

இந்தத் தவறு கேள்வித்தாள் எழுதுபவரையும் பாதிக்கும். பாடப்புத்தகங்களில் சமச்சீர் அணிகளுக்குப் பிரியம் அதிகம். மூலைவிட்டத்தில் 2, 2, மற்ற இரண்டு இடத்திலும் 1 என்ற அணியை எடுங்கள். ஐகன் மதிப்புகள் 3, 1. λ = 3-க்கு முதல் நிரை (−1, 1). கெழுக்களை அப்படியே எடுத்தால் (−1, 1) வரும்; அதுவோ λ = 1-க்கு உரிய வெக்டர். சமச்சீர் அணியில் இரண்டு ஐகன் திசைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதால், செங்குத்தாகத் தவறினாலும் இன்னொரு சரியான வெக்டரின் மேலேயே போய் விழுகிறார்கள். திருத்துபவர் "இரண்டையும் மாற்றி எழுதிவிட்டான், கவனக்குறைவு" என்று அரை மதிப்பெண் குறைத்து விட்டுவிடுவார். உண்மையில் மாணவருக்குச் சமன்பாட்டைத் தீர்க்கவே தெரியவில்லை. சமச்சீரற்ற A-யில் அந்த மறைவிடம் கிடையாது. (−1, 2)-ஐ A-யால் பெருக்கினால் (0, 5) வருகிறது. எந்த மதிப்புக்கும் அது பொருந்தாது.

மூன்றாவது தாள் வேறு ரகம். அதில் A − 2I என்று எழுதி, அதன் முதல் நிரலை வட்டமிட்டு, "λ = 5-க்கு (2, 1)" என்றிருந்தது. கீழே A − 5I, முதல் நிரலில் வட்டம், "λ = 2-க்கு (−1, 1)". மாற்றி எழுதிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். விடை இரண்டும் சரி. (−1, 1) என்பது (1, −1)-இன் எதிர்த்திசை, அதே கோடு. விடைக்குறிப்பில் இருப்பதைப் போலவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இது தற்செயல் அல்ல. கேலி-ஹாமில்டன் தேற்றத்தின்படி ஒவ்வோர் அணியும் தன் சிறப்பியல்புச் சமன்பாட்டை நிறைவு செய்யும். ஆகவே (A − 5I)(A − 2I) = 0. இந்தப் பெருக்கலை நிரல் நிரலாகப் படித்தால், A − 2I-இன் ஒவ்வொரு நிரலையும் A − 5I பூச்சியமாக்குகிறது. A − 5I எதைப் பூச்சியமாக்குகிறதோ அதுதான் 5-க்குரிய ஐகன் வெக்டர். ஆர்தர் கேலி 1858-இல் அணிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தத் தேற்றத்தை 2 × 2 அணிக்குத்தான் கணக்கிட்டுக் காட்டினார். 3 × 3-க்கும் சரிபார்த்ததாகச் சொல்லிவிட்டு, பொது நிரூபணத்துக்கு அவசியமில்லை என்று விட்டுவிட்டார். முதலாண்டுத் தேர்வில் யாராவது அப்படி எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்பது வேறு விஷயம். இந்த மாணவர் தேற்றத்தின் பெயரை ஓர் ஓரத்தில் எழுதியிருந்ததால் முழு மதிப்பெண் பெற்றார். எழுதாமல் விட்டிருந்தால் வாதம் நடந்திருக்கும்.

மதிப்பு ஒன்றே திரும்ப வந்தால்

அதே கேள்வித்தாளின் அடுத்த பிரிவில் இரண்டு மதிப்பெண்ணுக்கு ஒரு சிறிய கேள்வி இருந்தது.

```
B = |  3  1 |
    | −1  1 |
```

சுவடு 4, அணிக்கோவை 3 + 1 = 4. λ² − 4λ + 4 = 0, ஆகவே λ = 2, 2. B − 2I-இன் நிரைகள் (1, 1), (−1, −1). கிடைப்பது x + y = 0, வெக்டர் (1, −1). இதுவரை பலரும் வந்துவிடுகிறார்கள். அதன் பிறகு "மதிப்பு இரண்டு என்றால் வெக்டரும் இரண்டு வேண்டுமே" என்ற கவலை பிடித்துக்கொள்கிறது. சிலர் (1, −1), (−1, 1) என்று எழுதுகிறார்கள். அது ஒரே கோடு. சிலர் (1, 1)-ஐ எங்கிருந்தோ கொண்டுவருகிறார்கள்; B அதை (4, 0)-ஆக மாற்றுகிறது. ஒருவர் A-யின் வெக்டரைக் கடன் வாங்கி (2, 1) என்று எழுதியிருந்தார்.

இரண்டாவது திசை ஏன் இருக்க முடியாது என்பதற்கு நீண்ட நிரூபணம் வேண்டாம். ஒரே கோட்டில் இல்லாத இரண்டு வெக்டர்களையும் B இரட்டிப்பாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் உள்ள எந்த வெக்டரையும் அந்த இரண்டின் கூட்டாக எழுதலாம், ஆகவே எல்லா வெக்டரையும் B இரட்டிப்பாக்க வேண்டும். அப்படியானால் B என்பது 2I-யேதான், மூலைவிட்டத்தில் 2, 2, மற்ற இடங்களில் பூச்சியம். நம் B அப்படி இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. ஆக 2 × 2 அணியில் ஐகன் மதிப்பு இரட்டித்தால் வழி இரண்டுதான். அணி λI-யாக இருந்தால் எல்லாத் திசையும் ஐகன் திசை. இல்லையென்றால் ஒரே ஒரு திசை. இடைப்பட்ட நிலை கிடையாது.

நிரலை வட்டமிட்ட அந்த மாணவர் இங்கும் அதே வழியில் போனார். (B − 2I)(B − 2I) = 0 என்பதால் B − 2I-இன் நிரல்களே 2-க்குரிய வெக்டர்கள். இரண்டு நிரல்களும் (1, −1), (1, −1). இரண்டையும் வட்டமிட்டு, "ஒரே திசை" என்று பக்கத்தில் எழுதியிருந்தார்.